களக்குறிப்பில் இரக்கத்துக்கும் மதிப்பெண் இல்லை

சிங்கப்பூரில் சமூக ஆய்வு முறைகளைப் படிக்கும் மாணவர்களுக்கு, மக்களின் வாழ்க்கையை அவர்கள் இருக்கும் இடத்திலேயே கவனித்து எழுதும் இனவரைவியல் களக்குறிப்புப் பயிற்சியை ஒவ்வொரு பருவத்திலும் நடத்தி, அவர்கள் எழுதியதைத் திருத்தி மதிப்பெண் இடுவது என் வேலையின் ஒரு பகுதி. பயிற்சி எளிமையானதுதான். ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியா வட்டாரத்தில் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் இருந்து கவனிக்க வேண்டும். கையடக்கப் புத்தகத்தில் சுருக்கமாகக் கிறுக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கிறுக்கல்களை வைத்து 24 மணி நேரத்துக்குள் முழுக் குறிப்பை எழுதி, கிறுக்கிய தாள்களோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். பிறகு அதே இடத்துக்கு இன்னொரு ஞாயிறு சென்று இரண்டாவது குறிப்பை எழுத வேண்டும். முதல் குறிப்பின் மதிப்பெண்ணை நான் எழுதிக் கொடுப்பேன், ஆனால் இறுதிக் கணக்கில் சேர்க்க மாட்டேன். இரண்டாவதுதான் கணக்கில் சேரும். மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். இங்கே நான் எடுத்துக்காட்டும் பகுதிகளை, ஆளும் நாளும் தெரியாதபடி மாற்றித் தமிழில் தருகிறேன்.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மாணவர்கள் அங்கே போவதற்கு முன்பே, ஞாயிறுகளில் அங்கே கூடும் வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றி ஒரு முடிவு வைத்திருக்கிறார்கள். ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில் 2013 டிசம்பர் 8ஆம் தேதி நடந்த கலவரத்தை, அப்போது தொடக்கப்பள்ளியில் இருந்தவர்கள்கூடக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். 2015இல் நடப்புக்கு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் லிட்டில் இந்தியா தனிக் கட்டுப்பாட்டு வட்டாரமாக அறிவிக்கப்பட்டதும், சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை அங்கே பொது இடத்தில் மது அருந்தக் கூடாது என்பதும் பலருக்குத் தெரியும். இவை போதாதென்று, என் வகுப்பில் உள்ள தமிழ் மாணவர்களுக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. அங்குள்ள திடல்களில் உட்கார்ந்திருக்கும் ஊழியர்களில் பலர் பேசுவது தமிழ். எனவே, கேட்பது புரிகிறது; கேட்பது புரிவதாலேயே மனிதர்களும் புரிந்துவிட்டார்கள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. தமிழ் தெரியாத சீன மாணவர் 'ஏதோ உரக்கப் பேசினார்கள்' என்று எழுதி நிறுத்திக்கொள்ளும் இடத்தில், தமிழ் மாணவர் அவர்களுடைய ஊர், சாதி, குணம் வரைக்கும் எழுதிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

திருத்தும் முறையை விளக்க ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொள்கிறேன். ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அருகிலுள்ள ஒரு புல்திடலைக் கவனித்த மாணவர் தம் முதல் குறிப்பில் இப்படி எழுதியிருந்தார்:

"திடலில் ஏராளமான வெளிநாட்டு ஊழியர்கள் வேலையில்லாமல் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சிலர் வெளிப்படையாகவே மது அருந்திக்கொண்டு சத்தம் போட்டார்கள். ஒருவர் தொலைபேசியில் மனைவியுடன் சண்டை போட்டார். சுற்றுப்புறத் தூய்மையைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. அந்த வழியே சென்ற பெண்கள் அசௌகரியமாக உணர்ந்தார்கள்."

நல்ல நடை; பிழையில்லாத வாக்கியங்கள். பரபரப்பாகத் திருத்தும் ஓர் ஆசிரியர் இருபதுக்குப் பன்னிரண்டு போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பார். நான் இத்தகைய பத்தியை மூன்று வகைக் கோடுகளோடு படிக்கிறேன். கண்ணால் பார்க்கக்கூடியதும் காதால் கேட்கக்கூடியதுமான பகுதிக்கு நேர்கோடு. பார்த்ததிலிருந்து ஊகித்ததற்கு அலைக்கோடு. நல்லது கெட்டது என்று தீர்த்துச் சொல்வதற்கு வட்டம். மேலுள்ள பத்தியில் நேர்கோடு விழுவது 'திடலில் உட்கார்ந்திருந்தார்கள்', 'அந்த வழியே சென்ற பெண்கள்' ஆகிய இரண்டு இடங்களில் மட்டுமே. மற்றதெல்லாம் அலையும் வட்டமும்தான். தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாலே விகிதம் தெரிந்துவிடுகிறது. மாணவரிடம் தனியாக ஒன்றும் விளக்க வேண்டியதில்லை.

கோடு போட்ட பிறகு, ஒவ்வொரு அலைக்கும் வட்டத்துக்கும் பக்கத்தில் ஒரே கேள்வியை எழுதுகிறேன்: "எப்படித் தெரியும்?" கண்டிப்பதற்காக அதை எழுதுவதில்லை. அதற்கு மாணவர் எழுத்தில் பதில் தர வேண்டும், அந்தப் பதிலில்தான் கற்றல் நடக்கிறது.

'வேலையில்லாமல்' என்பதை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு அவர்களில் பெரும்பாலோருக்கு ஓய்வு நாள். ஓய்வு நாளில் பூங்காவில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் குடும்பத்தை யாரும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்ததாக எழுதுவதில்லை. இங்கே தீர்ப்பு வாக்கியத்தின் அடைமொழியில் ஒளிந்திருக்கிறது. அடைமொழிகளை நீக்கச் சொன்னால் மாணவர்கள் நீக்கிவிடுவார்கள், ஆனால் தீர்ப்பு வினைச்சொல்லுக்குள் குடிபுகுந்துவிடும்: 'சுற்றித் திரிந்தார்கள்', 'முறைத்தார்', 'கண்டுகொள்ளவில்லை', 'வேண்டாவெறுப்பாக நகர்ந்தார்'. ஆகவே நான் முதலில் வினைச்சொற்களைத்தான் பார்க்கிறேன். 'முறைத்தார்' என்றால் எவ்வளவு நேரம், எந்தத் தூரத்திலிருந்து, எதை நோக்கி, அப்போது முகம் எப்படி இருந்தது என்று எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் 'முறைத்தார்' என்ற சொல்லே தேவைப்படாது.

'வெளிப்படையாகவே மது அருந்திக்கொண்டு' என்பதுதான் பத்தியிலேயே கனமான கூற்று. மேலே சொன்ன சட்டத்தை நினைவில் வைத்துப் படித்தால், அது சிலர் குற்றம் புரிந்தார்கள் என்ற சாட்சியம். அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டேன். மாணவர் தம் கிறுக்கல் தாளைக் காட்டினார். அதில் 'கையில் பானம், பழுப்பு நிறம், சிரிப்பு' என்று மட்டும் இருந்தது. பாத்திரம் கண்ணாடிப் புட்டியா, தகரக் குவளையா, கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையா என்று இல்லை. லிட்டில் இந்தியாவின் தேக்காப் பகுதியில் ஞாயிறு மாலையில் பழுப்பு நிறப் பானம் என்றால் அது கட்டிக் கொடுத்த தேநீராக இருக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பது இங்கு வாழும் எவருக்கும் தெரியும். அந்த மாணவருக்கும் தெரியும். ஆனால் எழுதும்போது, திடலைப் பற்றி முன்பே அவர் மனத்தில் இருந்த படம், பையிலிருந்த தேநீரைப் புட்டியில் ஊற்றிவிட்டது. அது மதுவாகவும் இருந்திருக்கலாம். இந்தக் குறிப்பைக் கொண்டு இரண்டில் எதையும் சொல்ல முடியாது. மதிப்பெண் குறைவது அதற்காகத்தான். அவர் ஊழியர்களைக் குறைத்துப் பேசிவிட்டார் என்பதற்காக நான் குறைப்பதில்லை.

'மனைவியுடன் சண்டை' என்பதில் இரண்டு ஊகங்கள் ஒன்றன்மேல் ஒன்று நிற்கின்றன: மறுமுனையில் இருந்தவர் மனைவி, நடந்தது சண்டை. அவர் சொன்ன ஒரு வாக்கியமாவது அப்படியே எழுதப்பட்டிருந்தால், படிப்பவர் தாமே முடிவு செய்துகொள்ளலாம். 'கவலையில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது' என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 'தெளிவாகத் தெரிந்தது', 'வெளிப்படை', 'இயல்பாகவே' என்ற சொற்கள் வரும் இடங்களில் பெரும்பாலும் ஒன்றுமே தெரிந்திருக்காது என்பது என் அனுபவம். 'பெண்கள் அசௌகரியமாக உணர்ந்தார்கள்' என்பதில் பிறருடைய உள்ளத்தை எழுதியிருக்கிறார். அவர்கள் நடையை விரைவாக்கினார்களா, பாதையின் மறுபக்கம் போனார்களா, கைப்பையை முன்னால் மாற்றிக்கொண்டார்களா என்பதை மட்டுமே அவர் பார்த்திருக்க முடியும். அதையும் எழுதவில்லை.

முதல் குறிப்புக்கு நான் இட்ட மதிப்பெண் இருபதுக்கு நான்கு. பிரிவு இப்படி: கவனிப்பின் நுணுக்கத்துக்கு 8, பேச்சைப் பதிந்த விதத்துக்கு 4, கருத்தைத் தனியாகப் பிரித்து, அதற்கு ஆதாரம் காட்டியதற்கு 5, இடம், நேரம், தாம் நின்ற நிலை, தம்மால் பார்க்க முடியாதவை ஆகியவற்றைச் சொன்னதற்கு 3. நடைக்கும் இலக்கணத்துக்கும் தனி மதிப்பெண் வைக்கவில்லை. வைத்திருந்தால் நன்றாக எழுதத் தெரிந்தவர்களே, நன்றாகப் பார்க்காமலே, முன்னால் நிற்பார்கள்.

அதே வாரத்தில் வந்த வேறொரு தாளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அதே திடலைத்தான் அந்த மாணவியும் கவனித்திருந்தார். "குடும்பத்தைப் பிரிந்த ஏக்கம் அவர்கள் கண்களில் தெரிந்தது. நம் நாட்டைக் கட்டியெழுப்பும் இந்த எளிய மனிதர்கள், கிடைத்த ஒரே நாளில் ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருந்தார்கள்" என்று எழுதியிருந்தார். படித்தபோது நெஞ்சு இளகத்தான் செய்தது. ஆனால் கோடு போட்டுப் பார்த்தால் இதிலும் நேர்கோடு இல்லை. ஏக்கம் கண்களில் எப்படித் தெரியும்? ஆறுதல் சொன்னார்களா, சீட்டுப் பணத்தைப் பற்றிப் பேசினார்களா, கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினார்களா? அவருக்கு நான் இட்டது ஐந்து. முதல் மாணவர் வெறுப்போடு தீர்த்ததை இவர் இரக்கத்தோடு தீர்த்திருந்தார். இரண்டு குறிப்புகளிலும் திடலில் இருந்தவர்கள் காணப்படவில்லை.

தமிழ் வகுப்பறைகளில் படித்து வந்த நமக்கு இந்த இரண்டாவது வகைத் தீர்ப்புக்குக் குறைந்த மதிப்பெண் போடுவது கடினம் என்பதை நான் கண்டிருக்கிறேன். கட்டுரை என்றால் உள்ளம் உருக வேண்டும் என்று சிறு வயதிலிருந்து பழகியிருக்கிறோம். திருத்துபவருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. எனவே எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். நான் உடன்படும் கருத்துள்ள தாளில் முதலில் நேர்கோடு விழும் பகுதிகளை மட்டும் எண்ணி ஓரத்தில் எழுதிவிட்டு, அதன் பிறகே முழுவதையும் படிக்கிறேன். எண்ணிக்கை முன்னால் வந்துவிட்டால், உருக்கம் பின்னால் வந்தாலும் மதிப்பெண்ணை அதிகம் தூக்க முடிவதில்லை.

அப்படியானால் கருத்தே எழுதக் கூடாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் தனி இடத்தில். டிரோபிரியாண்ட் தீவுகளில் நீண்ட காலம் தங்கிக் களப்பணியின் முன்னோடியாக அறியப்பட்ட மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி, அங்கே தாம் அடைந்த எரிச்சலையும் அங்குள்ளவர்கள்மீது வந்த வெறுப்பையும் தனி நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து 1967இல் அது அச்சில் வந்தபோது பலரும் அதிர்ந்து போனார்கள். அந்த அதிர்ச்சியின் நியாயத்தை ஆராய்வது இங்கே என் நோக்கமன்று. வெறுப்பில்லாத கவனிப்பாளர் என்று ஒருவரும் இல்லை என்பதையும், வெறுப்புக்கென்று ஒரு தனித்தாள் இருப்பது நல்லது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல அந்தச் செய்தி உதவுகிறது. ஆகவே எங்கள் பயிற்சியில் பக்கத்தை இரண்டு பத்திகளாகப் பிரிக்கிறோம். இடப்பக்கம் அகலமானது, பார்த்ததும் கேட்டதும் அங்கே. வலப்பக்கம் குறுகலானது, 'எனக்குப் பயமாக இருந்தது', 'இவர்கள் ஒரே ஊர்க்காரர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால்...' என்பவை அங்கே. வலப்பக்கத்தில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் இடப்பக்கத்தில் ஏதாவதொரு வரியைச் சுட்ட வேண்டும். சுட்ட வரி இல்லையென்றால் அந்தக் கருத்து களத்திலிருந்து வரவில்லை, வீட்டிலிருந்தே வந்திருக்கிறது என்று பொருள்.

வீட்டிலிருந்து வருவதையும் வீணாக்குவதில்லை. களத்துக்குப் போகும் முன், அங்கே எதைப் பார்க்கப் போகிறோம் என்று எதிர்பார்ப்பதை அரைப் பக்கம் எழுதி உறையிலிட்டுக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மதிப்பெண் இல்லை. திருத்தும்போது அந்த உறையைப் பிரித்து, குறிப்போடு ஒப்பிடுகிறேன். எதிர்பார்த்தவை மட்டுமே குறிப்பில் இருந்தால், அவர் ஒரு மணி நேரமும் உறையைத்தான் படித்துக்கொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். எதிர்பார்ப்புக்கு ஒத்துவராத ஒரு காட்சியாவது குறிப்பில் நுழைந்திருந்தால், அது சிறியதாக இருந்தாலும், கவனிப்பின் எட்டில் ஒன்றிரண்டு அதற்கே போகும்.

முதல் மாணவரின் இரண்டாவது குறிப்பிலிருந்து ஒரு பகுதி:

"5.40. நான் திடலின் ஓரத்தில் நடைபாதைத் தடுப்பின்மீது உட்கார்ந்திருக்கிறேன்; எனக்கு நேர் எதிரே உள்ள வட்டத்துக்கும் எனக்கும் ஏறக்குறைய எட்டு அடி. அப்பால் உள்ளவர்கள் தெரிகிறார்கள், அவர்கள் பேசுவது கேட்கவில்லை. வட்டத்தில் ஆறு ஆண்கள். நீல நிறத் தார்ப்பாய் விரித்திருக்கிறார்கள். செருப்புகள் பாய்க்கு வெளியே, பெரும்பாலும் இணை இணையாக. நடுவில் ஒரு தொலைபேசி, தண்ணீர்ப் புட்டியில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. திரையில் ஒரு முதிய பெண்ணின் முகம். சாம்பல் சட்டை அணிந்தவர் குனிந்து உரக்க: "அம்மா, கேக்குதா? அவன் இங்கதான் இருக்கான், காட்டுறேன் இரு." தொலைபேசியை எடுத்து இடப்பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுகிறார். அவர் கையால் முகத்தை மறைத்துக்கொள்கிறார். மூவர் சிரிக்கிறார்கள். கயிறு கட்டிய தெளிவான பைகளில் பழுப்பு நிறப் பானம், மூன்று பேரிடம், உறிஞ்சுகுழல் இருக்கிறது. 5.52. சாம்பல் சட்டை எழுந்து நாலைந்து அடி தள்ளிப் போய் வேறொருவருடன் தொலைபேசியில் பேசுகிறார். குரல் உயர்கிறது. 'பணம் போன மாசமே அனுப்பியாச்சு' என்ற பொருளில் ஏதோ சொல்கிறார். "நீ யார்கிட்ட கேட்டு குடுத்த?" வட்டத்தில் பேச்சு நிற்கிறது. ஒருவர் அவரைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறார். 6.10. வட்டம் எழுகிறது. பாயை மடிக்கிறார்கள். தட்டுகளும் பைகளும் ஒரு கறுப்புப் பைக்குள் போகின்றன. இரண்டு காகிதக் குவளைகள் புல்லில் கிடக்கின்றன; ஒருவர் அவற்றைப் பார்க்கிறார், எடுக்கவில்லை. அவை இவர்களுடையவையா என்று நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரியவில்லை."

இந்தக் குறிப்பு ஊழியர்களை நல்லவர்களாகக் காட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சண்டை போல ஒன்று நடந்துதான் இருக்கிறது; குவளைகள் புல்லில்தான் கிடக்கின்றன. நுணுக்கமாகக் கவனித்தால் எல்லாரும் நிரபராதிகள் ஆகிவிடுவார்கள் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வது ஒரு புதிய தொல்லை. ஆனால் இப்போது நமக்குக் கையில் பிடிக்க ஏதோ இருக்கிறது. பணம் யாருக்கோ கொடுக்கப்பட்டிருக்கிறது. மறுமுனை யார் என்று சொல்லப்படவில்லை. வட்டம் சட்டென்று அமைதியாகி, ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்த முகத் திருப்பல்தான் எனக்கு இந்தக் குறிப்பிலேயே மிகவும் பெறுமானமுள்ள வரி. ஊரில் பணத் தகராறு என்றால் திடலில் எல்லாரும் கேட்கும்படி பேசுவது எப்படிப்பட்ட காரியம், நண்பர்கள் அதைக் கேட்காதவர்கள் போல் இருப்பதில் என்ன மரியாதை இருக்கிறது என்று பிறகு அவர் பல ஞாயிறுகள் பின்தொடரலாம். 'மனைவியுடன் சண்டை' என்று முடித்திருந்தால் பின்தொடர ஒன்றும் இருந்திருக்காது.

பேச்சைப் பதிந்திருக்கும் முறையையும் பார்க்க வேண்டும். அப்படியே காதில் விழுந்த சொற்களுக்கு இரட்டை மேற்கோள். ஏறத்தாழ அந்தப் பொருள் என்றால் ஒற்றை மேற்கோள். சுருக்கமாகச் சொன்னால் மேற்கோளே இல்லை. களப்பணி செய்பவர்களிடையே நெடுநாளாக இருந்து வரும் வழக்கம் இது. அந்த ஒற்றை மேற்கோள், 'இது என் நினைவு, அவர் வாய்ச்சொல் அன்று' என்று ஒப்புக்கொள்கிறது. இரட்டை மேற்கோளில் இருப்பவை தமிழிலேயே, பேச்சு வழக்கிலேயே ஆங்கிலக் குறிப்புக்கு நடுவில் எழுதப்பட்டிருந்தன. அதை நான் வற்புறுத்துகிறேன். உடனே ஆங்கிலமாக்கிவிட்டால் மாணவரின் நாகரிகமான வாக்கியம் ஊழியரின் வாயில் வந்து உட்கார்ந்துவிடும். அவர் கோபத்தில் சொன்னதா, கேலியாகச் சொன்னதா என்பதைத் திரும்பப் பார்க்கவும் வழியிருக்காது.

இந்தக் குறிப்புக்கு இருபதுக்குப் பதினைந்து. கவனிப்புக்கு 6, பேச்சுக்கு 3, கருத்துப் பத்திக்கு 3, இடமும் நிலையும் சொன்னதற்கு முழுதாக 3. கருத்துப் பத்தியில் இரண்டு குறைந்ததற்குக் காரணம், அங்கே அவர் 'போன முறை நான் தவறாக எழுதிவிட்டேன், இவர்கள் அன்பானவர்கள்' என்று எழுதி, எந்த வரியையும் சுட்டாமல் விட்டிருந்தார். அன்பானவர்கள் என்பதற்கும் அதே கேள்விதான் ஓரத்தில் விழுந்தது.

இந்த முறையில் திருத்தத் தொடங்கினால் சில புதிய நோய்கள் தலைகாட்டும். முதலாவது, தீர்ப்பு எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்று பயந்து, மாணவர்கள் கண்காணிப்புக் கேமராவைப் போல் எழுதத் தொடங்குவார்கள். 'ஓர் ஆண் நடந்தார். மற்றோர் ஆண் நடந்தார். பேருந்து வந்தது.' பக்கம் பக்கமாக நேர்கோடு போடலாம். ஆனால் யார் யாரோடு எதைச் செய்தார், அதற்கு மற்றவர் என்ன செய்தார் என்ற தொடர்ச்சி இருக்காது. விவரம் என்பது பொருள்களின் பட்டியல் அன்று. செயலும் அதற்கு எதிர்வந்த செயலும் அடுத்தடுத்து இருக்க வேண்டும். ஆகவே கவனிப்பின் எட்டு மதிப்பெண்ணில் பாதியை, ஒரு நிகழ்வையாவது தொடக்கத்திலிருந்து முடிவு வரை தொடர்ந்து எழுதியிருப்பவர்களுக்கென்று ஒதுக்கிவிட்டேன். நீளத்துக்கு மதிப்பெண் இல்லை என்பதையும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம் கவனித்ததை ஒழுங்காக எழுத இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும், அதற்கு மேல் எழுதியது பெரும்பாலும் நிரப்பல்தான்.

இரண்டாவது நோய் இட்டுக்கட்டுவது. விவரத்துக்கு மதிப்பெண் என்றால் விவரங்கள் முளைக்கும். இதைக் கண்டுபிடிப்பது நாம் நினைக்கும் அளவுக்குக் கடினமில்லை. உண்மையான குறிப்பில் ஓட்டை இருக்கும்: கேட்கவில்லை, லாரி மறைத்தது, எண்ணுவதற்குள் கலைந்தார்கள், இடையில் நான் தண்ணீர் வாங்கப் போனேன். இட்டுக்கட்டியதில் ஓட்டை இருக்காது. எட்டு அடி தள்ளி, சாலை இரைச்சலில், நான்கு பேர் பேசியது முழு முழு வாக்கியங்களாக, ஒருவர் முடித்த பிறகே இன்னொருவர் தொடங்குவதாக இருந்தால் கிறுக்கல் தாளை எடுத்துப் பார்க்கிறேன். அங்கே அந்த உரையாடலின் ஒரு சொல்லாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பகுதிக்கு மதிப்பெண் இல்லை; அதைக் காரணத்தோடு எழுதிவிடுகிறேன். கிறுக்கல் தாளை அழகாகப் படியெடுத்துக் கொடுப்பவர்களும் உண்டு. வியர்வைக் கறையும் அடித்தல் திருத்தலும் உள்ள மூலத்தாள்தான் வேண்டும் என்று இப்போது முன்பே சொல்லிவிடுகிறேன்.

நானும் என்னோடு இதே பாடத்தை நடத்தும் நண்பரும் பருவத் தொடக்கத்தில் ஒரே தாளைத் தனித்தனியே திருத்தி, மதிப்பெண்ணை ஒப்பிட்டுக்கொள்கிறோம். அவர் ஒரு முறை பதினான்கு போட்ட தாளுக்கு நான் எட்டுப் போட்டிருந்தேன். பேசிப் பார்த்ததில், திடலைக் கடந்த பெண்ணின் நடையைப் பற்றி எழுதியிருந்த நான்கு வரிகளை அவர் நுணுக்கமான கவனிப்பு என்று எடுத்துக்கொண்டதும், நான் அந்த நான்கு வரிகளிலும் 'பதற்றமாக', 'அவசரமாக', 'தயங்கியபடி' என்ற சொற்களை வட்டமிட்டிருந்ததும் தெரிந்தது. அவர் சொன்ன வாதத்திலும் நியாயம் இருந்தது: நடையின் வேகம் குறைந்ததையும், அந்தப் பெண் இரண்டு முறை திரும்பிப் பார்த்ததையும் அந்த மாணவி எழுதியிருக்கிறார், வட்டமிட்ட சொற்களை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கிறது. அந்தச் சோதனையை நாங்கள் இருவரும் ஏற்றுக்கொண்டோம். தீர்ப்புச் சொல்லை எடுத்த பிறகு வாக்கியத்தில் ஏதேனும் மிஞ்சினால் பாதி மதிப்பெண். ஒன்றும் மிஞ்சாவிட்டால் இல்லை. அந்தத் தாள் பதினொன்றில் நின்றது.

கடைசியாக, விவரம் கூடிப்போவதாலும் மதிப்பெண் குறையும் ஓர் இடம் உண்டு. ஊழியர்களின் சட்டையில் நிறுவனத்தின் பெயரும், சில சமயம் அவர்களின் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். கழுத்தில் தொங்கும் அட்டையில் பெயர் இருக்கும். நுணுக்கமாகக் கவனிக்கச் சொன்னதால் மாணவர்கள் இவற்றையும் எழுதிவிடுகிறார்கள். பொது இடத்தில் மது அருந்தினார், முதலாளியைத் திட்டினார், பணம் இன்னும் வரவில்லை என்றார் என்பன போன்ற வரிகளுக்குப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரும் இருந்தால், அந்தத் தாள் தவறான கையில் சிக்கும்போது ஒருவருடைய வேலை அனுமதிக்கே ஆபத்து வரலாம். புகைப்படம் எடுக்கக் கூடாது என்பதையும், யாராவது கேட்டால் மாணவர் என்று சொல்லி, வேண்டாம் என்றால் எழுந்து போய்விட வேண்டும் என்பதையும் போலவே இதையும் விதியாக வைத்திருக்கிறோம்: சட்டையின் நிறத்தை எழுது, சட்டையில் இருக்கும் எழுத்தை எழுதாதே. மீறியிருந்தால் இரண்டு மதிப்பெண் குறைத்து, அந்த வரிகளைக் கறுப்பு மையால் அடித்துவிட்டுத்தான் தாளைத் திருப்பிக் கொடுக்கிறேன்.